தமிழ்ப் பெயர் உள்ள வரியில் மட்டும் தொகை இடம் மாறுகிறதா? நிலையான அகலக் கோப்பில் பிழை தேடும் வழி

நிலையான அகலக் கோப்பில் காற்புள்ளியோ டாபோ இருக்காது. எந்தப் புலம் எத்தனையாவது இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்கு ஒன்றுதான் பிரிப்பு. கூட்டுறவுச் சங்கங்களின் சேமிப்புப் பட்டியல், சம்பளப் பட்டியல், பழைய கணக்கு மென்பொருள்களுக்குக் கொடுக்கும் கோப்பு எல்லாம் இன்னும் இப்படித்தான் போய் வருகின்றன. பெயர் ஆங்கிலத்தில் இருக்கும்வரை பிரச்சினை வராது. தமிழ் உள்ளே வந்ததும், "பெயர் 20" என்று எழுதியிருப்பது எதை இருபது என்கிறது என்ற கேள்வி எழும். எழுதும் நிரல் ஒன்றை எண்ணும், படிக்கும் நிரல் வேறொன்றை எண்ணும்.

கீழே எல்லா இடத்திலும் இந்த ஒரு அமைப்பே உதாரணம்: உறுப்பினர் இலக்கம் 6, பெயர் 20, கிளை இலக்கம் 3, தொகை 10 (கடைசி இரண்டும் சதம்). மொத்தம் 39.

```
004217Kandasamy           0120000125000
004218கந்தசாமி            0120000125000
```

இரண்டு பேருக்கும் கிளை 012, தொகை ரூபா 1,250.00.

கந்தசாமி என்ற பெயரைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் எழுத்து 5: க, ந், த, சா, மி. யூனிகோட் குறி 8, ஏனென்றால் புள்ளியும், துணைக்காலும், இகர விசிறியும் தனித்தனிக் குறிகள். யூடிஎஃப்-8 கோப்பில் பைட் 24, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதால். 5, 8, 24. பிழை எங்கே என்பதை அநேகமாக இந்த மூன்று எண்களே காட்டிக் கொடுத்துவிடும்.

## முதலில் செய்ய வேண்டிய சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கோப்பின் வரி நீளத்தை இரண்டு விதமாக எண்ணுங்கள். மூலக் கோப்பை நோட்பேட்டில் திறந்து சேமிக்க வேண்டாம். பிரதி எடுத்து, பிரதியில் வேலை செய்யுங்கள்.

```python
with open("urupinar.txt", "rb") as f:
    for n, row in enumerate(f, 1):
        row = row.rstrip(b"\r\n")
        print(n, len(row), len(row.decode("utf-8-sig")))
```

ஒவ்வொரு வரிக்கும் முதலில் வரி எண், அடுத்து பைட், கடைசியில் குறி எண்ணிக்கை வரும்.

பைட் எல்லா வரியிலும் 39 என்றால் எழுதிய நிரல் பைட்டை எண்ணி இடைவெளி நிரப்பியிருக்கிறது. குறி எல்லா வரியிலும் 39, பைட் மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் அது குறியை எண்ணியிருக்கிறது. கந்தசாமி வரியில் பைட் 55 என்று வரும். இரண்டுமே ஏறி இறங்கினால், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணி நிரப்பியிருக்கலாம், அல்லது யாரோ கையால் இடைவெளி தட்டியிருக்கிறார்கள்.

நிரல் நடுவில் `UnicodeDecodeError` என்று நின்றால் கோப்பில் பாதியில் வெட்டுப்பட்ட எழுத்து இருக்கிறது, அல்லது கோப்பு யூடிஎஃப்-8 இல்லை. "பெயரின் கடைசியில் �" என்ற பகுதிக்குப் போங்கள்.

லினக்ஸில் `cut -c` கொண்டு சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குனு `cut` பல பதிப்புகளில் `-c` கொடுத்தாலும் பைட்டையே எண்ணுகிறது. அதை நம்பிக் குறிக் கணக்குப் பார்த்தால் சரியான கோப்பும் பிழையாகத் தெரியும்.

## அறிகுறி: ஆங்கிலப் பெயர் வரிகள் சரி, தமிழ் வரியில் தொகை வெறுமை அல்லது பூச்சியம்

எழுதியவர் குறியை எண்ண, படிப்பவர் பைட்டை எண்ணும்போது வருவது இது. அடிக்கடி வருவதும் இதுதான்.

கந்தசாமி வரியை பைட் பைட்டாகப் பாருங்கள். பெயர் 7 முதல் 30 வரை நிற்கிறது. 31 முதல் 42 வரை இடைவெளி. கிளை 43 முதல் 45, தொகை 46 முதல் 55. படிக்கும் நிரலோ பெயரை 7 முதல் 26 வரை எடுக்கிறது. அதற்குக் கிடைப்பது "கந்தசா"வும், ம-வின் மூன்று பைட்டில் இரண்டும். கிளைக்கு 27 முதல் 29 வரை எடுத்தால் ம-வின் மிச்சமும் விசிறியின் முதல் இரண்டு பைட்டும் வரும். தொகைக்கு 30 முதல் 39: ஒரு குப்பை பைட், ஒன்பது இடைவெளி. கண்டிப்பான நிரல் பிழை சொல்லி நிற்கும். இளகிய நிரல் அதைப் பூச்சியமாக எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

நகர்வு எப்போதும் தமிழ்க் குறிகளின் இரண்டு மடங்கு. கந்தசாமிக்கு 16 பைட். ஊர்ப் பெயரும் தமிழில் இருந்தால் அதன் நகர்வும் சேரும். பருத்தித்துறை 13 குறி, ஆகவே அது மட்டும் 26 பைட் தள்ளும். வரிக்கு வரி நகர்வு மாறுவதால், "எல்லாத்தையும் 16 தள்ளிப் படி" என்று ஒட்டுப்போட்டால் அடுத்த பெயரிலேயே அது உடையும்.

செலவில்லாத வழி. படிக்கும் நிரலில் குறியாக்கத் தெரிவு இருக்கிறதா பாருங்கள். சில இறக்குமதிக் கருவிகள் கோப்பு யூடிஎஃப்-8 என்று சொன்னவுடன் முதலில் எழுத்தாக மாற்றிவிட்டுப் பிறகு எண்ணும். அப்படியென்றால் தெரிவை மாற்றுவதோடு வேலை முடிந்தது.

அடுத்தது, படிக்கும் நிரல் உங்கள் கையில் இருந்தால். பைத்தான் நிரலில் கோப்பை `"rb"` என்று திறந்தால் வெட்டும் இடம் பைட், `encoding="utf-8"` என்று திறந்தால் குறி. கோப்பு எப்படி நிரப்பப்பட்டதோ அப்படியே திறக்க வேண்டும். பிஎச்பியில் `substr` பைட்டை வெட்டும், `mb_substr` குறியை வெட்டும்.

அதற்கும் அடுத்தது, எழுதும் நிரலை மாற்றுவது. படிப்பவர் வெளி நிறுவனம் என்றால் இது ஒன்றுதான் வழி. எந்தக் கருவி எதை எண்ணுகிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது பாதி வேலை. பைத்தானின் `ljust`, மைஎஸ்க்யூஎல்லின் `RPAD`, சி ஷார்ப்பின் `PadRight` ஆகியவை தமிழுக்குக் குறிக் கணக்கிலேயே நிரப்பும். பிஎச்பியின் `str_pad`, பாஷின் `printf "%-20s"` இரண்டும் பைட்டை எண்ணும். மைஎஸ்க்யூஎல்லில் `LENGTH` பைட்டையும் `CHAR_LENGTH` குறியையும் தரும். ஒரே தரவுத்தளத்துக்குள்ளேயே `LENGTH` பார்த்துவிட்டு `RPAD` நிரப்பினால் கணக்கு ஒத்து வராது.

பைட் கணக்கில் பாதுகாப்பாக நிரப்ப:

```python
import regex, unicodedata

def pad(name, width):
    name = unicodedata.normalize("NFC", name.strip())
    out = b""
    for letter in regex.findall(r"\X", name):
        b = letter.encode("utf-8")
        if len(out) + len(b) > width:
            break
        out += b
    return out.ljust(width)
```

`regex` பைத்தானோடு வருவதில்லை, `pip install regex` என்று நிறுவ வேண்டும். கோப்பை `"wb"` என்று திறந்து இந்த பைட்டுகளை நேரடியாக எழுதுங்கள். `\X` ஒரு முழு எழுத்தைப் பிடிக்கும், அதனால் "மி"யின் நடுவில் வெட்டு விழாது. க்ஷ போன்ற கூட்டெழுத்து விதிவிலக்கு: க், ஷ என்று இரண்டாகத்தான் அது எண்ணப்படும்.

## அறிகுறி: தொகை வருகிறது, ஆனால் நம்ப முடியாத பெரிய தொகை

மேலே சொன்னதைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் எந்த நிரலும் பிழை சொல்லாது.

எழுதிய நிரல் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணி நிரப்பியிருக்கிறது என்று வையுங்கள். ஸ்விஃப்ட் மொழியின் `count` அப்படித்தான் எண்ணும், பிஎச்பியின் `grapheme_strlen` கூட அப்படியே. கந்தசாமி 5 எழுத்து, ஆகவே 15 இடைவெளி சேரும். குறிக் கணக்கில் பெயர்ப் புலம் 23 ஆகிவிட்டது. அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் 3 இடம் தள்ளி நிற்கிறது.

குறியை எண்ணிப் படிக்கும் நிரல் இந்த வரியில் பெயரைச் சுத்தமாக எடுக்கும். கிளைக்கு மூன்று இடைவெளி கிடைக்கும். தொகைக்கு `0120000125`. கிளை இலக்கம் தொகையின் தலையில் ஏறிக்கொண்டது, கடைசி மூன்று பூச்சியம் விழுந்துவிட்டது. ரூபா 1,250.00 இருக்க வேண்டிய இடத்தில் ரூபா 1,200,001.25. எல்லாம் இலக்கம்தான், பத்து இடமும் நிரம்பியிருக்கிறது, எந்தச் சரிபார்ப்பும் தடுக்காது.

கண்டுபிடிக்கும் வழி: தமிழ் வரிகளில் கிளை இலக்கம் வெறுமையாக வருகிறதா பாருங்கள். நகர்வின் அளவு, பெயரில் உள்ள புள்ளி, கால், விசிறி போன்றவற்றின் எண்ணிக்கைக்குச் சரியாக ஒத்துப்போகும். கந்தசாமிக்கு 3. யோகேஸ்வரிக்கு 4, ஏனென்றால் 5 எழுத்து, 9 குறி. இந்த இரண்டு பெயரும் இப்படி நகர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

திருத்தம் எழுதும் பக்கத்தில்தான் செய்ய வேண்டும். அதோடு கோப்பின் கடைசியில் ஒரு கூட்டுத்தொகை வரி வையுங்கள்: எத்தனை உறுப்பினர், மொத்தத் தொகை எவ்வளவு. படிக்கும் நிரல் தான் கூட்டியதை அதோடு ஒப்பிட்டு, ஒரு சதம் பிசகினாலும் முழுக் கோப்பையும் திருப்பி அனுப்ப வேண்டும். பெயர் இல்லாத அந்த வரியில் தமிழே இல்லை, அதனால் அது நகராது.

## அறிகுறி: பெயருக்குப் பின்னால் தொகையும் ஒட்டிக்கொண்டு வருகிறது

முதல் அறிகுறியின் மறுபுறம். எழுதியவர் பைட்டில் நிரப்ப, படிப்பவர் குறியை எண்ணுகிறார். பெயர்ப் புலத்தை 60 பைட்டாக விரித்த பிறகு இது தலைகாட்டும். கந்தசாமியின் 24 பைட்டோடு 36 இடைவெளி சேர்ந்தால் குறிக் கணக்கில் 44 மட்டுமே. படிப்பவர் 60 குறி தேடி, கிளையையும் தொகையையும் பெயரோடு விழுங்கிவிடுவார். தொகைப் புலம் வெறுமையாக நிற்கும்.

எக்செலில் இதற்கு ஒரு விசித்திர வடிவம் உண்டு. கோப்பை இறக்குமதி செய்யும்போது பெயர்கள் `à®•` போலக் குப்பையாகவும், புலங்கள் மட்டும் நேராகவும் தெரியும். கோப்பு மூலத்தை `65001: Unicode (UTF-8)` என்று மாற்றியதும் பெயர்கள் தமிழாகும், புலங்கள் கோணலாகும். முதல் தடவை ஒவ்வொரு பைட்டும் ஒரு எழுத்தாக எண்ணப்பட்டதால் நேராக நின்றது, அவ்வளவுதான். பைட்டில் நிரப்பிய கோப்பை எக்செலில் நேரடியாகப் பிரிக்கப் பார்க்காமல், முதலில் பிரித்து டாப் கோப்பாக மாற்றிக் கொடுங்கள்:

```python
name = row[6:66].decode("utf-8").rstrip()
```

`row` பைட்டாக இருக்க வேண்டும். முதலில் வெட்டு, பிறகு எழுத்தாக்கு. வரிசை மாறினால் பழையபடி நகரும்.

## அறிகுறி: பெயரின் கடைசியில் �, அல்லது பெயரே மாறிவிட்டது

� என்று வந்தால் மூன்று பைட்டின் நடுவில் வெட்டு விழுந்திருக்கிறது. 20 பைட்டில் ஆறு தமிழ்க் குறிதான் அடங்கும், மிச்சம் இரண்டு பைட் அடுத்த குறியைப் பிய்த்து எடுக்கும். இதுவாவது கண்ணில் படும்.

குறி எல்லையில் வெட்டினால் � வராது, ஆனால் சிவகுமார் என்பது ஒரு குறி குறைந்து "சிவகுமார" ஆகும். யோகேஸ்வரி "யோகேஸ்வர" ஆகலாம், பெண் பெயர் ஆண் பெயராகத் தெரியும். அடையாள அட்டைப் பெயரோடு ஒப்பிடும் இடத்தில் இது நிராகரிக்கப்படும், காரணம் யாருக்கும் புலப்படாது. புள்ளி இல்லாமல் முடியும் பெயர்களைத் தனியே வடிகட்டிப் பாருங்கள். ர, ன, ல, ம என்று வெறும் அகர வடிவில் முடிந்து, புலமும் முழுதாக நிரம்பியிருந்தால் அநேகமாக வெட்டுப்பட்ட பெயர்.

மேலே கொடுத்த `pad` வெட்டை எழுத்து எல்லைக்கு இழுத்துவிடும், ஆனால் இழந்த எழுத்தைத் திருப்பித் தராது. நிரந்தரத் தீர்வு புலத்தை விரிப்பதுதான். "கந்தசாமி சிவகுமார்" 52 பைட். "திருநாவுக்கரசு பரமேஸ்வரன்" 73 பைட். ஆகவே 60 போதாது, தகப்பன் பெயரும் சேர்த்து எழுதும் பட்டியலுக்கு 90 வையுங்கள்.

இந்த 20 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் பாமினி எழுத்துருக் காலத்தில் இருந்து. பாமினியில் கந்தசாமி என்பது `fe;jrhkp`, எட்டே பைட். அதே தரவை யூனிகோடுக்கு மாற்றியவர்கள் பெயரை மாற்றினார்கள், புல அகலத்தைத் தொடவில்லை. மாற்றிய அன்றே 24 பைட் ஆகிவிட்டது. பழைய சங்கக் கோப்புகளில் பாதி வரி பாமினியாகவும் பாதி யூனிகோடாகவும் இருப்பதும் உண்டு. அப்படியானால் `fe;jrhkp` போன்ற வரிகள் நேராகவும் தமிழாகத் தெரியும் வரிகள் கோணலாகவும் நிற்கும். அங்கே முதலில் எழுத்துருவை ஒன்றாக்குங்கள், அகலம் பிறகு.

## அறிகுறி: ஒரே பெயர், இரண்டு வரியில் இரண்டு நகர்வு

யோகேஸ்வரி ஒரு வரியில் 9 குறி, இன்னொன்றில் 10. "யோ"வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. எழுதும் நிரல் நிரப்பிய பிறகு வேறொரு கருவி இதை ஒன்றாக்கினால் வரி குறியில் ஒன்றும் பைட்டில் மூன்றும் குறையும். ஆகவே `NFC` ஆக்குவது எப்போதும் நிரப்புவதற்கு முன்னால்.

அதுவும் இல்லையென்றால் காணாத குறி ஏதாவது ஒட்டியிருக்கும். அந்த வரியை மட்டும் பாருங்கள்:

```
sed -n 2p urupinar.txt | xxd
```

தமிழ்க் குறி எல்லாம் `e0 ae` அல்லது `e0 af` என்று தொடங்கும். பெயருக்கு நடுவில் `e2 80 8c` அல்லது `e2 80 8d` இருந்தால் அது விசைப்பலகை விட்டுச்சென்ற இணைப்புக் குறி. `c2 a0` என்றால் வலைப்பக்கத்தில் இருந்து பிரதியெடுத்த இடைவெளி. முன்னதை நீக்கி, பின்னதைச் சாதாரண இடைவெளியாக்கிவிட்டு நிரப்புங்கள்.

## அறிகுறி: முதல் வரி மட்டும், அல்லது வரிக்கு வரி கூடிக்கொண்டே போகிறது

முதல் வரி மட்டும் நகர்ந்தால் கோப்பின் தலையில் `ef bb bf` இருக்கும். பைட்டில் மூன்று, குறியில் ஒன்று. யூடிஎஃப்-8 என்று சேமிக்கும்போது அந்த முன்குறி இல்லாத தெரிவை எடுங்கள். வரிக்கு ஒன்று என்று கூடிக்கொண்டே போனால் தமிழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விண்டோஸ் வரி முடிவு இரண்டு பைட், லினக்ஸ் ஒன்று, படிப்பவர் நிலையான நீளத்தில் வெட்டிக்கொண்டு போகிறார்.

## அறிகுறி: திரையில் கோணல், இறக்குமதி சரி

இது பிழையே இல்லை. தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று மாறுபடும், அதனால் சரியான கோப்பும் திரையில் வளைந்துதான் தெரியும். நேராக்கவென்று நோட்பேட்டில் இடைவெளி தட்டுவதுதான் சரியான கோப்பைக் கெடுக்கும் வழி. கண்ணை நம்பாமல் முதற்சோதனையின் எண்களைப் பாருங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

பிழையான தொகை ஏற்கனவே கணக்கில் ஏறிவிட்டதென்றால் கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றாதீர்கள், அதே பணம் இரண்டு தடவை விழும். தரவுத்தளத்தைப் பார்ப்பவர் முதலில் அந்தத் தொகுதியைத் திரும்பப் பெற வேண்டும்.

படிக்கும் மென்பொருளின் மூல நிரல் யாரிடமும் இல்லை என்றாலும் வெளியே கேட்கத்தான் வேண்டும். கோபோலில் `PIC X(20)` என்று எழுதியிருந்தால் அது இருபது பைட், அதை 90 ஆக்கினால் பின்னால் உள்ள எல்லாப் புலமும் பழைய கோப்புகளும் பாதிக்கப்படும். அவ்வளவு செலவுக்கு முன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: அமைப்பைப் புதிதாக எழுதுவதானால் பெயரை வரியின் கடைசிக்குக் கொண்டுபோக முடியுமா? இலக்கம், கிளை, தொகை மூன்றும் முதல் 19 இடத்தில் நின்றுவிடும், பெயர் எவ்வளவு நீண்டாலும் தள்ளுவதற்குப் பின்னால் ஒன்றும் இருக்காது.

ஆளிடம் போகும்போது மூலக் கோப்பின் தொடாத பிரதி, அமைப்பு எழுதிய தாள், கந்தசாமி போல ஒரு வரியின் `xxd` வெளியீடு, அந்த வரிக்குப் படிக்கும் நிரல் காட்டிய மதிப்புகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். திரையைப் படமெடுத்துக் கொடுப்பது உதவாது, அதில் பைட் தெரியாது. உறுப்பினர்களின் உண்மைப் பெயரும் தொகையும் வெளியே போகக் கூடாதென்றால் சோதனைப் பெயர் மூன்றைக் கொண்டு அதே நிரலில் ஒரு கோப்பு உருவாக்கிக் கொடுங்கள்: ஆங்கிலத்தில் ஒன்று, கந்தசாமி, யோகேஸ்வரி.